சுட்டு உண்டு, பொருள் இல்லை



பேசத் தொடங்குமுன் உங்களை ஒரு குரலைக் கேட்கச் சொல்லப்போகிறேன். என் மடிக்கணினியின் குரல். கொஞ்சம் தகரத்தில் தட்டியது போல இருக்கும். நான் கேட்கும் வேகத்தில் வைத்தால் உங்களுக்குப் புரியாது என்பதால் வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்திருக்கிறேன். கேளுங்கள்.

“முதலில் இந்தப் பட்டனை அழுத்தவும். கிராஃபிக். அழுத்தியதும் கீழே உள்ளவாறு திரை தோன்றும். கிராஃபிக். இதில் சிவப்பு வட்டமிட்ட இடங்களை மட்டும் நிரப்பவும். மற்றவற்றைத் தொட வேண்டாம். நிரப்பிய பின் திரை இவ்வாறு இருக்க வேண்டும். கிராஃபிக். இவ்வாறு இல்லையெனில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவும்.”

நிறுத்திவிட்டேன். இது எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கையேட்டின் மூன்றாம் பக்கம். எட்டு ஆசிரியர்கள் ஒரே கோப்பைப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு பகுதியாக எழுதிச் சேர்த்தது. மொத்தம் 32 பக்கம், 19 படங்கள். எழுதியவர்கள் எல்லோரும் அக்கறையுள்ளவர்கள், என்னோடு வேலை பார்ப்பவர்கள். பயிற்சிக்கு இரண்டு நாள் முன்பு எனக்கும் அனுப்பி, “சார், நீங்களும் படிச்சுட்டு வந்துடுங்க” என்றார்கள். நான் பார்வையற்றவன், பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். இப்போது நீங்கள் கேட்டதைத்தான் நானும் கேட்டேன்.

நீங்கள் கேட்ட பகுதியில் புரியாத தமிழ்ச் சொல் ஒன்றுகூட இல்லை. வாக்கியங்களில் பிழையும் இல்லை. ஆனாலும் கேட்டு முடித்த பிறகு எதைச் செய்ய வேண்டும் என்று உங்களால் சொல்ல முடியாது. ‘இந்தப் பட்டன்’ எந்தப் பட்டன்? ‘கீழே உள்ளவாறு’ என்றால் எப்படி? ‘இவ்வாறு’ என்பது எவ்வாறு?

இலக்கணம் படித்தவர்களுக்கு இந்தச் சொற்களின் பெயர் தெரியும். சுட்டு. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று பள்ளியில் படித்தோம். தொலைவில் இருப்பதற்கு ‘அது’, அருகில் இருப்பதற்கு ‘இது’. நடுவில் இருப்பதற்கான ‘உது’ தமிழ்நாட்டில் வழக்கொழிந்துபோனாலும் யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சுட்டு என்பது விரல். விரலுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. அது நீளும் திசையில் ஏதாவது இருந்தால்தான் பொருள்.

சுட்டை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கும் நம் மொழியில் ஒரு விதி இருக்கிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் சொல்கிறது: ஒருவரின் பெயரும் அவரைச் சுட்டும் சொல்லும் சேர்ந்து வரும்போது பெயர் முன்னே வர வேண்டும், சுட்டு அதன் பின்னே வர வேண்டும். ‘மாலா வந்தாள், அவளிடம் சாவியைக் கொடு’ என்பது சரி. யார் என்று சொல்லாமலேயே ‘அவளிடம் சாவியைக் கொடு’ என்று தொடங்கக் கூடாது. செய்யுளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உரைநடையில் எழுதும் வழிகாட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. எங்கள் கையேட்டில் நடந்தது இந்த விதியின் மீறல்தான். பெயர் எங்குமே வராமல் சுட்டு மட்டும் வந்துவிட்டது. பார்க்கிறவருக்குப் பெயரின் இடத்தில் படம் நின்றது. எனக்கு அந்த இடத்தில் ‘கிராஃபிக்’ என்ற ஒரு சொல் நின்றது.

அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடரின் பெயர் NVDA. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் எழுதத் தொடங்கியது, இன்றுவரை இலவசம். திரையில் இருக்கும் எழுத்தை எடுத்துக் குரலாக மாற்றுவது அதன் வேலை. படம் வந்தால் அதற்கு எழுத்து கிடைக்காது. உடனே, படத்தோடு யாராவது ஒரு விளக்கத்தை எழுதி ஒட்டியிருக்கிறார்களா என்று தேடும். ஆங்கிலத்தில் ஆல்ட் டெக்ஸ்ட் என்றும் தமிழில் மாற்று உரை என்றும் அதைச் சொல்கிறோம். இருந்தால், ‘கிராஃபிக்’ என்று சொல்லிவிட்டு அதை வாசிக்கும். இல்லையென்றால் ‘கிராஃபிக்’ என்பதோடு நின்றுவிடும்.

அந்த ஒரு சொல்லாவது வந்தால் நல்ல காலம். வேர்டு கோப்பில் ஒரு படத்தை எழுத்துகளின் வரிசையிலேயே வைக்கலாம்; பக்கத்தின் மேல் மிதக்கவிட்டு, எழுத்து அதைச் சுற்றி ஓடும்படியும் வைக்கலாம். பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்று பலரும் மிதக்கவிடுகிறார்கள். மிதக்கும் படம் வரிவரியாகப் படித்துவரும் என் வழியில் குறுக்கிடுவதே இல்லை. எங்கள் கையேட்டின் இருபதாம் பக்கத்தில் அப்படி ஒரு வரைபடம் இருந்தது. ஒரு வாக்கியம் முடிந்தது, அடுத்த வாக்கியம் தொடங்கியது. நடுவில் ஒரு பொருள் கிடந்ததே எனக்குத் தெரியவில்லை. வாக்கியம் ‘படத்தில் காட்டியபடி’ என்று சொன்னதால்தான் ஏதோ இருக்கிறது என்று ஊகித்தேன். அந்தச் சுட்டும் இல்லாதிருந்தால் இழப்பே தெரிந்திருக்காது. இப்படித் தெரியாமல் இழந்தவை என் வாழ்க்கையில் எத்தனை என்று நினைத்தால் எனக்கு மனம் கனத்துப் போகிறது.

அன்று இரவு ஒன்பதரைக்குச் சக ஆசிரியை ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“டீச்சர், மூணாம் பக்கத்துல முதல் படம். எந்தப் பட்டன்?”

“இருங்க சார், திறக்கிறேன். ஆங், இதுல ஒரு சக்கரம் மாதிரி போட்டிருக்கு சார்.”

“சக்கரமா? அதுக்குப் பேரு?”

“பேரு எதுவும் போடலையே சார். சும்மா பல்லு பல்லா ஒரு சக்கரம். மேல வலது பக்கம் இருக்கும்.”

வலது பக்கம் மேலே என்பது எனக்கு உதவாது. நான் திரையில் திசை பார்த்துப் போவதில்லை. இணையப் பக்கத்தில் B என்ற விசையைத் தட்டினால் NVDA ஒவ்வொரு பட்டனாகத் தாவி அதன் பெயரைச் சொல்லும். கையேடு சொல்லும் மதிப்பெண் பதிவுப் பக்கத்தைத் திறந்து தட்டிக்கொண்டே போனேன். ஆறாவது தட்டில் ‘Settings’ என்றது. “டீச்சர், செட்டிங்ஸா?” என்றேன். அவர் தன் கணினியில் அம்புக்குறியை அந்தச் சக்கரத்தின்மேல் கொண்டுபோய் வைத்தார். சின்னதாக ஒரு மஞ்சள் பெட்டியில் அந்தப் பெயர் வந்தது. “ஆமா சார்! இத்தனை நாளா இதுக்குப் பேரு உண்டுன்னே தெரியாது” என்றார்.

பட்டனுக்குப் பெயர் இருந்தது. கையேட்டை எழுதியவர் பெயரை எழுதாமல் படத்தை ஒட்டிவிட்டார். பார்க்கிறவரும் பெயர் தெரியாமல்தான் இத்தனை நாள் அழுத்திக்கொண்டிருந்தார்.

எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூட இது ஏன் கண்ணில் படவில்லை என்று யோசித்தேன். மாற்று உரை பக்கத்தில் தெரியாது. எழுத்துப்பிழை இருந்தால் சிவப்புக்கோடு வரும். படம் கோணலாக இருந்தால் கண் உறுத்தும். மாற்று உரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பக்கம் ஒரே மாதிரிதான் இருக்கும். படத்தின்மேல் வலச்சொடுக்குப் போட்டு View Alt Text என்பதைத் திறந்தால்தான் அந்தப் பெட்டி காலியாக இருப்பது தெரியும். காரணமில்லாமல் அதை யார் திறப்பார்?

பகிர்ந்த கோப்பில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. எங்கள் கையேட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் ஒருவர், அதை ஒட்டியவர் இன்னொருவர், கீழே வாக்கியம் எழுதியவர் மூன்றாமவர். எடுத்தவருக்கு அது எந்த வாக்கியத்துக்குத் துணையாகப் போகிறது என்று தெரியாது. வாக்கியம் எழுதியவர் படத்தைத் தன்னுடையதாக நினைக்கவில்லை. விளக்கம் எழுத வேண்டியவர் யார் என்ற கேள்வியே எழவில்லை. ஒரு படத்துக்கு மட்டும் யாரோ நல்ல விளக்கம் எழுதியிருந்தார்களாம். பதிவுப் பக்கத்தின் தோற்றம் மாறியபோது வேறொருவர் பழைய படத்தை நீக்கிவிட்டுப் புதியதை ஒட்டினார். பழைய படத்தோடு அதன் விளக்கமும் போய்விட்டது. போனது அவருக்கும் தெரியாது.

விளக்கம் எழுதுவது எப்படி என்ற இடத்துக்கு வருகிறேன். அந்த எட்டுப் பேரும் நானும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து 19 படங்களையும் எடுத்துக்கொண்டோம். வாக்கியத்தைத் திருத்தாமல் படத்துக்கு விளக்கம் எழுத முடியாது என்பது முதல் அரை மணி நேரத்திலேயே புரிந்துவிட்டது.

அந்தப் பல்சக்கரத்தையே பாருங்கள். ‘பல்சக்கரக் குறி’ என்று மாற்று உரை எழுதியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இப்போது நான் கேட்பது: “முதலில் இந்தப் பட்டனை அழுத்தவும். கிராஃபிக், பல்சக்கரக் குறி.” விளக்கம் இருக்கிறது, எனக்கு வழி இல்லை. என் திரையில் பல்சக்கரம் என்று எந்தப் பட்டனும் பேசாது. ஆகவே வாக்கியத்தை மாற்றினோம்: “முதலில் Settings என்ற பட்டனை அழுத்தவும்.” பெயர் முன்னே வந்துவிட்டது. மென்பொருள் தன்னைத்தானே எந்தப் பெயரால் சொல்லிக்கொள்கிறதோ அதே பெயர். படத்தின் விளக்கம் ‘பல்சக்கரக் குறி’ என்றே இருக்கட்டும் என்றோம். நாளைக்கு நான் இன்னொரு ஆசிரியருக்கு வழி சொல்லும்போது “பல்சக்கரம் போட்டிருக்கும் பாருங்க” என்று சொல்ல அது எனக்கு வேண்டும்.

சிவப்பு வட்டமும் இதே கதைதான். படத்தில் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள், நான்கில் மட்டும் சிவப்பு வட்டம். படத்துக்கு விளக்கம் எழுதத் தொடங்கிய ஆசிரியர் எல்லாக் கட்டங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ‘வட்டம் உண்டு’, ‘வட்டம் இல்லை’ என்று போட்டுக்கொண்டு போனார். நல்ல மனது. கேட்கிறவருக்கு அது தண்டனை. வாக்கியத்தையே இப்படி எழுதினோம்: “தேர்வு எண், பாடக் குறியீடு, எழுத்துத் தேர்வு மதிப்பெண், செய்முறை மதிப்பெண் ஆகிய நான்கை மட்டும் நிரப்பவும்.” அவ்வளவுதான். படத்தின் மாற்று உரைக்கு ‘இந்த நான்கு கட்டங்களும் வட்டமிடப்பட்ட பதிவுப் பக்கம்’ என்பதே போதும். இப்போது ‘இந்த’ என்ற சுட்டு வரலாம், ஏனென்றால் அதற்கு முன்னே நான்கு பெயர்களும் வந்துவிட்டன. திருத்திய வாக்கியத்தைப் படித்ததும் நிறக்குருடு உள்ள ஓர் ஆசிரியர், “எனக்கும் இப்பத்தான் நிம்மதி” என்றார். சிவப்பு வட்டங்கள் அவருக்கும் சரியாகத் தெரிந்ததில்லை. அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

சின்னச் சின்னக் குறிப்புகள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். மாற்று உரையை ‘படம்:’ என்று தொடங்க வேண்டாம். ஸ்கிரீன் ரீடர் அதை ஏற்கெனவே சொல்லிவிடும். சில பக்கங்களின் மூலையில் பூக்கொடி வைத்திருந்தார்கள், அட்டையிலும் ஓர் அலங்காரம். இப்படி நான்கு படங்கள் வெறும் அழகுக்கு. அவற்றுக்கு Mark as decorative என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பூக்கொடியை நான் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதில்லை.

படமே செய்தியாக இருக்கும் இடங்கள்தாம் கடினமானவை. எங்கள் கையேட்டில் மூன்று பட்டை வரைபடங்கள் இருந்தன. ஒன்று தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம், 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின்படி. கீழே வாக்கியம்: “ஆண், பெண் இடைவெளி எவ்வாறு குறைந்துள்ளது என்பதைப் படத்தில் காண்க.” ஓர் ஆசிரியர் எழுதிய முதல் விளக்கம் ‘எழுத்தறிவு பற்றிய பட்டை வரைபடம்’. கடைக்கு வெளியே பெயர்ப்பலகையை மட்டும் படித்துக்காட்டியது போல ஆயிற்று. இரண்டாவது முயற்சி: ‘நீலப் பட்டைகள் ஆண்களையும் ஆரஞ்சுப் பட்டைகள் பெண்களையும் குறிக்கின்றன, 2011-இல் பட்டைகள் உயரமாக உள்ளன.’ நிறம் எனக்குத் தேவையில்லை. எவ்வளவு உயரம் என்பதுதான் தேவை, அதைச் சொல்லவில்லை.

நான் அவரிடம் கேட்டேன்: “இந்தப் படத்தை வகுப்பில் காட்டும்போது மாணவர்களிடம் என்ன சொல்வீங்க?” உடனே வந்தது பதில்: “பத்து வருஷத்துல ஆண்கள் கொஞ்சம்தான் ஏறியிருக்காங்க, பெண்கள் வேகமா ஏறியிருக்காங்கன்னு சொல்வேன்.” “அதையே எழுதுங்க” என்றேன். இப்படி வந்தது: ‘2001-இலிருந்து 2011-க்குள் எழுத்தறிவு ஆண்களிடம் 82.42 விழுக்காட்டிலிருந்து 86.77 ஆகவும், பெண்களிடம் 64.43 விழுக்காட்டிலிருந்து 73.44 ஆகவும் உயர்ந்தது. பெண்களின் உயர்வு இரு மடங்குக்கும் மேல்.’ இரண்டே வாக்கியத்தில் வரைபடம் முழுவதும் வந்துவிட்டது. நான்கு எண்கள்தான் என்பதால் இது முடிந்தது. மாவட்டவாரியான இன்னொரு வரைபடத்தில் எண்கள் மிகுதி. அவற்றை மாற்று உரைக்குள் திணித்தால் நான் ஒரே மூச்சில் கேட்டு மறந்துவிடுவேன், நிறுத்தி ஓர் எண்ணுக்குத் திரும்பிப் போகவும் முடியாது. அதற்கு வரைபடத்தின் கீழேயே ஓர் அட்டவணை போட்டோம். அட்டவணையில் நான் கட்டம் கட்டமாக நடக்கலாம். படத்தின் மாற்று உரையில் வரைபடம் காட்டும் செய்தியை ஒரு வரியிலும், ‘எண்கள் கீழே அட்டவணையில்’ என்பதையும் எழுதினோம்.

அந்த இருபதாம் பக்கத்து வரைபடம் காவிரியின் போக்கு. முதலில் அதை மிதக்காதபடி எழுத்து வரிசைக்குள் கொண்டுவந்தோம். வேர்டில் In Line with Text என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஆயிற்று. விளக்கம் எழுதுவதற்குத்தான் அன்று அதிக நேரம் பிடித்தது. வரைபடத்தில் இருப்பது எல்லாம் வேண்டுமென்றால் ஒரு நூலே எழுதலாம். வாக்கியம் எதைப் பார்க்கச் சொன்னது என்று பார்த்தோம்: “முக்கொம்பில் பிரிந்த ஆறுகள் மீண்டும் நெருங்கும் இடத்தைக் கவனிக்கவும்.” ஆகவே குடகிலிருந்து மேட்டூர் வரையிலான பாதிக்கு ஒரு வரி போதும். முக்கொம்பிலிருந்து மெதுவாகப் போக வேண்டும்.

எழுதிய விளக்கம் இது: ‘காவிரி குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்து, மேட்டூர் வழியாகத் திருச்சிக்கு மேற்கே முக்கொம்பை அடைகிறது. அங்கே இரண்டாகப் பிரிகிறது: வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. இரண்டுக்கும் நடுவே திருவரங்கம் தீவு. கிழக்கே கல்லணை அருகில் இரண்டும் மிக நெருங்கி வருகின்றன. அதன்பின் கொள்ளிடம் வடகிழக்காக விலகிப் போகிறது. காவிரி கிளைகளாகப் பிரிந்து பூம்புகாரில் கடலை அடைகிறது.’

இருபது ஆண்டுகள் நான் காவிரியை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். திருவரங்கம் ஆற்றுக்கு நடுவே இருக்கிறது என்பது தெரியும். எந்தப் பக்கம் எந்த ஆறு என்பதும் மனப்பாடம். ஆனால் கல்லணை ஏன் அங்கே கட்டப்பட்டது என்பது அந்த விளக்கத்தை மூன்று முறை கேட்டபோதுதான் எனக்குள் உருவாயிற்று. பிரிந்த இரண்டும் திரும்ப நெருங்குகிற இடத்தில், தாழ்ந்த கொள்ளிடத்துக்குள் காவிரி நீர் ஓடிவிடாமல் தடுத்துத் தஞ்சைப் பக்கம் திருப்ப வேண்டும். அணை அந்த இடத்தில்தான் வேலை செய்யும். வரிசையாகவும் திசையோடும் சொன்னதால் கிடைத்த பயன் இது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. டெல்டா விசிறி போல விரியும் அந்த வடிவத்தைச் சொல்லால் எனக்குத் தர முடியாது. அதற்கு விரலால் தடவிப் பார்க்கும் புடைப்பு வரைபடம்தான் வேண்டும். மாற்று உரையை அதற்கு ஈடு என்று நான் சொல்ல மாட்டேன்.

கணிதப் பகுதியில் ஒரு முக்கோணம் இருந்தது, அதன் கர்ணத்தைக் கண்டுபிடிக்கும் கேள்வி. அதற்கு விளக்கம் எழுதியவர் ஆர்வத்தில் கர்ணத்தின் நீளத்தையும் எழுதிவிட்டார். ‘B-இல் செங்கோணம், AB 6 செ.மீ., BC 8 செ.மீ., AC-இன் நீளம் x’ என்பதோடு நிறுத்தினோம். படத்தில் கொடுத்ததை மட்டும் கொடுக்க வேண்டும். விடையைக் கண்டுபிடிப்பது மாணவனின் வேலை, அவன் பார்வையற்ற மாணவனாக இருந்தாலும்.

இங்கே பல துறைகளிலிருந்து வந்திருக்கிறீர்கள். உங்கள் கோப்பில் இந்தக் குறை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். வேர்டில் Review என்ற பகுதியில் Check Accessibility என்பதை அழுத்தினால், மாற்று உரை இல்லாத படங்களைப் பட்டியலிடும். அது வேண்டும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பெட்டியில் ஏதாவது இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். ‘வரைபடம்’ என்று ஒரு சொல்லைத் தட்டினாலே அதற்குத் திருப்தி. ‘சிவப்பு வட்டமிட்ட’ என்ற வாக்கியத்தை அது பார்ப்பதே இல்லை.

நாங்கள் செய்தது இது. கோப்பின் பிரதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்; பிரதியில்தான் செய்ய வேண்டும், மூலத்தில் கூடாது. Ctrl+H அழுத்தி, தேடும் பெட்டியில் கீழே உள்ள இரண்டு எழுத்துகளைப் போடுங்கள், மாற்றும் பெட்டியைக் காலியாக விடுங்கள், Replace All அழுத்துங்கள்.

```
^g
```

வரிசையில் இருந்த படங்களெல்லாம் மறைந்துவிடும். மறையாமல் நிற்கும் படம் இருந்தால் அது மிதக்கும் படம், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது மீதியுள்ள எழுத்தைப் படியுங்கள். படித்துக்கொண்டே போகும்போது எங்கே தடுக்குகிறதோ, அங்கேதான் நான் அன்று இரவு தடுக்கி நின்றேன். அதன்பின் Ctrl+F போட்டு ‘இந்த’, ‘இவ்வாறு’, ‘கீழே’, ‘மேலே’, ‘படத்தில்’, ‘வட்டமிட்ட’, ‘அம்புக்குறி’ என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒவ்வொரு சுட்டுக்கும் முன்னே அதற்குரிய பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கையேட்டில் முதலில் இப்படித் தேடியபோது, முதல் பத்துப் பக்கத்துக்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. கூகுள் டாக்ஸில் எழுதுகிறவர்கள் படத்தைத் தேர்ந்தெடுத்து Ctrl+Alt+Y அழுத்தினால் மாற்று உரைப் பெட்டி திறக்கும்.

கடைசிக் கண்ணி பி.டி.எஃப். உழைத்து எழுதிய விளக்கமெல்லாம் இங்கே ஒரு நொடியில் தொலைந்துபோகும். வேர்டிலிருந்து Save As வழியாகப் பி.டி.எஃப். ஆக்குங்கள், அதன் Options-இல் ‘Document structure tags for accessibility’ என்ற கட்டத்தில் குறி இருக்க வேண்டும். அப்படியில்லாமல் பிரிண்ட் கொடுத்து, அச்சுப்பொறிக்குப் பதிலாக Microsoft Print to PDF என்பதைத் தேர்ந்தெடுத்தால், கண்ணுக்கு அதே பக்கங்கள்தான் வரும், மாற்று உரை ஒன்றுகூட வராது. எங்கள் முதல் திருத்தப்பதிப்பு அப்படித்தான் வந்தது. ஒரு சனிக்கிழமை முழுவதும் எழுதியதை எதிர்பார்த்துத் திறந்தேன். மூன்றாம் பக்கம். ‘கிராஃபிக்’ என்றது. மறுநாள் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை நான் பட்ட வேதனையை இங்கே சொல்லி மாளாது.

இது யாரும் யாருக்கும் செய்யும் சலுகை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். படத்துக்கு எழுத்து வடிவில் ஒரு மாற்று வேண்டும் என்பது இணையத்துக்கான அணுகல் நெறிகளில் 1999-இலிருந்தே முதல் விதியாக இருக்கிறது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, மின்னணு வடிவில் வரும் உள்ளடக்கம் அணுகத்தக்கதாக இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது.

சரியான கோப்பு என் கைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. இம்முறை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிறுத்தாமல் படித்தேன். எழுத்தறிவு வரைபடம் வந்தது, நான்கு எண்களையும் கேட்டேன். அடுத்த பத்தி தொடங்கியது: “ஆக, ஆண், பெண் இடைவெளி ஏறத்தாழ 18 புள்ளிகளிலிருந்து 15 புள்ளிகளாகக் குறைந்துள்ளது.” நிறுத்தினேன். மேலே போய் எண்களை மறுபடி கேட்டேன். 82.42-இல் 64.43 போனால் 17.99, பதினெட்டு சரி. 86.77-இல் 73.44 போனால் 13.33. பதினைந்து வராது.

எட்டுப் பேரும் பலமுறை பார்த்த பக்கம் அது. எண்கள் பட்டைகளின் தலையில் சின்ன எழுத்தில் இருந்திருக்கின்றன. பட்டைகளைப் பார்த்தவர்கள் எண்களைக் கழித்துப் பார்க்கவில்லை. எனக்குப் பட்டை இல்லை, எண்கள் மட்டும்தான்.

மணி ஒன்பதரை. அதே ஆசிரியையை அழைத்தேன்.

“சொல்லுங்க சார். எந்தப் படம் படிக்கலை?”

“எல்லாம் படிக்குது டீச்சர். பன்னிரண்டாம் பக்கத்துல ஒரு கணக்கு தப்பா இருக்கு. எண்பத்தாறு புள்ளி எழுபத்தேழுல எழுபத்துமூணு புள்ளி நாற்பத்துநாலைக் கழிச்சுப் பாருங்க.”

தாளில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, “பதிமூணு சார்!” என்றார். “திருத்திடறேன். இருங்க, நீங்களே திருத்திடுங்களேன், பகிர்ந்த கோப்பு உங்க கையிலயும் திறந்துதானே இருக்கு?”

திறந்துதான் இருந்தது. 15-ஐ அழித்துவிட்டு 13 என்று தட்டினேன்.